மாற்றிய பின் வீடியோ ஏன் பெருக்கிறது?

ஒரு வீடியோ கோப்பின் அளவை இரண்டே விஷயங்கள்தான் தீர்மானிக்கின்றன. ஒன்று, அது எவ்வளவு நேரம் ஓடுகிறது. மற்றொன்று, ஒவ்வொரு நொடிக்கும் எத்தனை பிட்டுகள் செலவாகின்றன. இந்த இரண்டாவது கணக்குக்குப் பிட்ரேட் என்று பெயர். 10 நிமிடம் ஓடும் ஒரு வீடியோ 90 மெகாபைட் இருப்பதாக வைத்துக்கொள்ளலாம். ஒரு பைட்டுக்கு 8 பிட் என்பதால் அது 720 மெகாபிட். 600 நொடிகளுக்குப் பங்கிட்டால் நொடிக்கு 1.2 மெகாபிட். இதே வீடியோவை மாற்றியபோது 240 மெகாபைட்டாக வந்தால், நேரம் கூடவில்லை, நொடிக்கு 3.2 மெகாபிட் செலவாகியிருக்கிறது என்றுதான் பொருள். படத்தில் புதிதாக எதுவும் சேராதபோது அந்த 2 மெகாபிட் எங்கிருந்து வந்தது?

மாற்றும் மென்பொருள் பழைய கோப்பிலிருந்து நேரடியாகப் புதிய கோப்பை எழுதுவதில்லை. முதலில் பழையதை முழுவதுமாக விரித்து, ஒவ்வொரு படச்சட்டத்தையும் புள்ளி புள்ளியாக நினைவகத்தில் வரைந்துகொள்கிறது. 1920 × 1080 அளவில் நொடிக்கு 25 சட்டங்கள் ஓடும் சாதாரண வீடியோவை இப்படி விரித்தால் நொடிக்குச் சுமார் 78 மெகாபைட் வரும்; 10 நிமிடத்துக்கு 46 கிகாபைட்டுக்கு மேல் போகும். (அத்தனையும் ஒரே நேரத்தில் நினைவகத்தில் இருப்பதில்லை, சில சட்டங்கள் மட்டும் வந்து வந்து போகும்.) மென்பொருள் சுருக்கத் தொடங்குவது இந்த 46 கிகாபைட்டைத்தான். பழைய கோப்பு 90 மெகாபைட்தான் இருந்தது என்பது பொதுவாக அதன் கணக்கிலேயே வராது. அதைவிடக் கீழே நிற்க வேண்டும் என்று யாரும் அதற்குச் சொல்லவும் இல்லை.

அதற்குச் சொல்லப்படுவது வேறொன்று. பலரும் பயன்படுத்தும் HandBrake என்ற இலவச மென்பொருளை எடுத்துக்கொள்ளலாம். அதில் வழக்கமாகத் தேர்வாகியிருப்பது தரத்தை நிலையாக வைக்கும் முறை. RF என்ற எண் அந்தத் தரத்தைக் குறிக்கும்; Fast 1080p30 என்ற முன்னமைப்பில் அது 22. எண் குறையக் குறையத் தரமும் அளவும் கூடும். 22 என்றால், கண்முன் இருக்கும் படத்துக்கு நெருக்கமாகப் புதிய படம் இருக்க வேண்டும், அதற்கு எவ்வளவு பிட் தேவையோ அவ்வளவையும் செலவிடலாம் என்று அனுமதி கொடுத்தது போல. அளவுக்கு இங்கே உச்சவரம்பே கிடையாது.

சிக்கல் முளைப்பது ‘கண்முன் இருக்கும் படம்’ என்பதில்தான். அந்த 90 மெகாபைட் வீடியோ ஏற்கெனவே கடுமையாகச் சுருக்கப்பட்டது. வானத்தில் சதுரம் சதுரமாகத் திட்டுகள், எழுத்துகளின் ஓரத்தில் நடுங்கும் புள்ளிகள், வேகமான அசைவில் கலங்கல் என்று அந்தச் சுருக்கத்தின் தழும்புகள் அதில் இருக்கும். ஜெராக்ஸ் பிரதி ஒன்றை மறுபடி ஜெராக்ஸ் எடுத்தால் இயந்திரம் எழுத்தோடு கறையையும் சேர்த்தே நகலெடுக்கும். மாற்றும் மென்பொருளுக்கும் எது காட்சி, எது தழும்பு என்று தெரியாது. முன்பு பிட் மிச்சம் பிடித்ததால் உண்டான அந்தத் திட்டுகளை இப்போது பிட் செலவழித்துப் பாதுகாக்கிறது. RF எண்ணில் 6 வித்தியாசம் வந்தால் பிட்ரேட் ஏறக்குறைய இரு மடங்கு மாறும். ஆகவே, முதலில் முரட்டுத்தனமாகச் சுருக்கியதை இப்போது கவனத்தோடு சுருக்கினால் 90 மெகாபைட் 240 ஆவதில் வியப்பில்லை. தரமோ ஒரு இழைகூட உயராது. முதல் சுருக்கத்தில் தொலைந்த நுணுக்கம் தொலைந்ததுதான்.

இருட்டில் எடுத்த காட்சிகளில் இது இன்னும் மோசம். மங்கிய வெளிச்சத்தில் கேமரா உண்டாக்கும் பொரிப் பொரியான புள்ளிகள் சட்டத்துக்குச் சட்டம் இடம் மாறும். வீடியோ சுருக்கம் என்பதே முந்தைய சட்டத்தில் இருந்ததை அடுத்ததில் மீண்டும் எழுதாமல் தவிர்ப்பதுதான். எங்கும் எதுவும் ஒத்துப்போகாத இந்தப் புள்ளிக் கூட்டத்தில் அந்த உத்தி எடுபடாது. நன்கு வெளிச்சமான அறையில் ஒருவர் அமர்ந்து பேசும் வீடியோ சிறிதாகவும், இரவுத் திருவிழா வீடியோ ஒரே அமைப்பில் பல மடங்கு பெரிதாகவும் வருவதற்கு இதுதான் காரணம்.

இன்னொரு பெரிய காரணம், சுருக்கும் முறையே மாறிவிடுவது. இந்த முறைகளைக் கோடெக் என்பார்கள். பரவலாக எல்லாக் கருவிகளிலும் ஓடும் H.264 வந்தது 2003-இல். HEVC அல்லது H.265 எனப்படும் அடுத்த தலைமுறை 2013-இல் வந்தது. அதே தரத்தை ஏறக்குறையப் பாதி பிட்டில் தரக்கூடியது. ஐபோனின் கேமரா அமைப்புப் பக்கத்திலேயே இதைக் காணலாம்: 1080p, நொடிக்கு 30 சட்டம் என்றால், HEVC முறையில் ஒரு நிமிடத்துக்குச் சுமார் 60 மெகாபைட், H.264 முறையில் சுமார் 130. பழைய டிவியில் ஓடவில்லை என்று HEVC வீடியோவை H.264-க்கு மாற்றுகிறவர் இந்த வித்தியாசத்தைத்தான் சந்திக்கிறார். இது அமைப்பில் நேர்ந்த பிழை அல்ல, பழைய கருவியிலும் ஓட வேண்டும் என்பதற்குக் கொடுக்கும் விலை. சில கன்வெர்ட்டர்கள் தரத்தைக் கேட்காமல், நொடிக்கு 8 மெகாபிட் என்பது போல ஒரு பிட்ரேட்டை நிலையாக வைத்திருக்கும். அங்கே 90 மெகாபைட் வீடியோ 600 மெகாபைட் ஆகிவிடும்.

எது காரணம் என்று கண்டுபிடிக்க, பழையதையும் புதியதையும் MediaInfo என்ற இலவச மென்பொருளில் திறந்து அருகருகே பார்த்தால் போதும். கோடெக்கின் பெயர், பிட்ரேட், படத்தின் நீள அகலம், நொடிக்கு எத்தனை சட்டம் என்பவை அதில் தெரியும். கோடெக் மாறாமல் பிட்ரேட் மட்டும் ஏறியிருந்தால் தர அமைப்புதான் காரணம். 720p ஆக இருந்தது 1080p ஆகியிருந்தால் மென்பொருள் படத்தை வீணாகப் பெரிதாக்கியிருக்கிறது. வீடியோ வரிகள் ஒன்றாக இருந்தும் கோப்பு கூடியிருந்தால் ஒலிப் பகுதியைப் பார்க்க வேண்டும். 128 கிலோபிட் ஒலி, சுருக்கமே இல்லாத PCM ஆக மாறியிருந்தால் 1,536 கிலோபிட் வரை போகும்.

பல நேரங்களில் மறுபடி சுருக்க வேண்டிய அவசியமே இருக்காது. MKV, MP4 என்பவை வீடியோவையும் ஒலியையும் வைத்திருக்கும் உறைகள் மட்டுமே. உள்ளே H.264 வீடியோவும் AAC ஒலியும் இருந்தால், MKV-யிலிருந்து MP4-க்குப் போக உறையை மட்டும் மாற்றினால் போதும். ffmpeg என்ற மென்பொருளில் அதற்கான கட்டளை:

```
ffmpeg -i video.mkv -c copy video.mp4
```

இதில் `-c copy` என்பது விரிக்காமல், சுருக்காமல், இருப்பதை அப்படியே எடுத்து வை என்று சொல்வது. பெரும்பாலும் சில நொடிகளில் முடிந்துவிடும், அளவு கிட்டத்தட்ட மாறாது, தரம் துளியும் குறையாது. வசனவரிகள் இருந்தால் அவையும் கூட வந்தனவா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மறுபடி சுருக்கியே ஆக வேண்டும் என்றால், முழு வீடியோவையும் ஓடவிடுவதற்கு முன் அசைவும் புள்ளிகளும் மிகுந்த ஒரு நிமிடப் பகுதியில் RF எண்ணை 22-லிருந்து 24, 26, 28 என்று ஏற்றிப் பார்ப்பது நல்லது. அந்த ஒரு நிமிடத்தின் பிட்ரேட் பழையதை எட்டும் முன்பே படம் கண்ணுக்குக் கெட்டுத் தெரிந்தால், அந்த வீடியோ ஏற்கெனவே சுருங்க வேண்டிய அளவுக்குச் சுருங்கிவிட்டது. அதே கோடெக்கில் அதை மேலும் சிறிதாக்கிப் பயனில்லை. பழைய கோப்பையே வைத்துக்கொள்வதுதான் சரி.