நிலைக்காத பைலட் சுடர்

பிரிட்டன் வீடுகளில் புகைபோக்கியோடு இணைந்த பழைய கேஸ் ஹீட்டர்கள் இன்னும் உண்டு. பைலட் சுடர் எப்போது அணைகிறது என்பதே பழுதைக் காட்டிக்கொடுக்கும்.

சுடருக்குள் நீண்டிருக்கும் உலோக முனைதான் தெர்மோகப்பிள். சூடேறியதும் அது தரும் சுமார் 25 மில்லிவோல்ட், ஒரு மின்காந்தத்தை இயக்கி கேஸ் வால்வைத் திறந்தே வைத்திருக்கும். குமிழை 30 விநாடி அழுத்திப் பிடித்துவிட்டு விட்டதும் சுடர் அணைந்தால், முனை தேய்ந்திருக்கலாம், இணைப்பு தளர்ந்திருக்கலாம். தூசி அடைத்த சுடர் மஞ்சளாகச் சோர்ந்து முனையை எட்டாமலும் போகலாம்.

காற்று வீசும் இரவுகளில் மட்டும் அணைந்தால்? சந்தேகம் புகைபோக்கி மேல். கீழிறங்கும் காற்று சுடரை முனையிலிருந்து விலக்கிவிடும். முனை ஆறியதும் வால்வு மூடிக்கொள்ளும்.

அதே காற்றோடு கார்பன் மோனாக்சைடும் அறைக்குள் திரும்பலாம். அதனால் மறுபடி மறுபடி பற்றவைக்காமல், ஹீட்டரை நிறுத்திவிட்டுப் பதிவுபெற்ற கேஸ் பொறியாளரை அழைக்க வேண்டும்.