வளையம் எந்தப் பக்கம் மடங்கும்?

வேதியியல் பட்டப்படிப்பு ஆய்வகங்களில் பல ஆண்டுகளாகச் செய்யப்பட்டு வரும் சோதனை இது. 6 கிராம் மலியிக் அன்ஹைட்ரைடை 20 மில்லி எத்தில் அசிட்டேட்டில் லேசாகச் சூடாக்கிக் கரைக்கிறார்கள். அதே அளவு ஹெக்சேனைச் சேர்த்து, குடுவையைப் பனிக்கட்டி நீரில் வைக்கிறார்கள். பிறகு 6 மில்லி சைக்ளோபென்டாடையீனை ஊற்றிக் கலக்கினால் குடுவை சூடேறுகிறது, சற்று நேரத்தில் வெள்ளைப் படிகங்கள் திரள்கின்றன.

இந்த வினைக்கு வினையூக்கி எதுவும் தேவையில்லை. துணைப்பொருளாக எதுவும் வெளியேறுவதும் இல்லை. C5H6 என்ற மூலக்கூறும் C4H2O3 என்ற மூலக்கூறும் சேர்ந்து, ஓர் அணுவும் குறையாமல் C9H8O3 ஆகின்றன. 6 கிராம் மலியிக் அன்ஹைட்ரைடு முழுவதும் வினைபுரிந்தால் ஏறத்தாழ 10 கிராம் படிகம் கிடைக்க வேண்டும்.

ஜெர்மனியின் கீல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த ஓட்டோ டீல்ஸும் அவருடைய மாணவர் குர்ட் ஆல்டரும் 1928-இல் இந்த வகை வினையை விளக்கினார்கள். சைக்ளோபென்டாடையீனும் குயினோனும் சேர்ந்து தரும் பொருளை அதற்கு முன்பே சிலர் தயாரித்திருந்தார்கள். ஆனால் அதன் அமைப்பைத் தவறாகவே எழுதியிருந்தார்கள். சரியான அமைப்பைக் கண்டுசொன்ன டீல்ஸும் ஆல்டரும் 1950-இல் நோபல் பரிசு பெற்றார்கள். இன்று இது டீல்ஸ்-ஆல்டர் வினை என்றே அறியப்படுகிறது.

விளைபொருள் எப்படியிருக்கும் என்பதைக் குடுவையைத் தொடாமலே காகிதத்தில் கணித்துவிடலாம். அதற்கு மூன்று கேள்விகள் போதும். எந்த அணுக்கள் பிணைகின்றன? தொகுதிகள் எந்தப் பக்கம் நிற்கின்றன? இரண்டு மூலக்கூறுகளும் எப்படி அடுக்கிக்கொண்டு நெருங்குகின்றன? முதல் இரண்டு கேள்விகளுக்கும் விடை ஏறக்குறைய மாறாதது. மூன்றாவதன் விடை வெப்பத்தையும் நேரத்தையும் பொறுத்து மாறக்கூடியது.

முதலில் பிணைப்புகளைப் பார்ப்போம். ஓர் ஒற்றைப் பிணைப்பு நடுவில் இருக்க, அதன் இருபுறமும் இரட்டைப் பிணைப்பு கொண்ட நான்கு கார்பன்களின் தொடர்தான் டையீன். அதன் கார்பன்களுக்கு 1 முதல் 4 வரை எண் கொடுங்கள். அதனுடன் சேர விரும்பும் மூலக்கூறு டையீனோஃபைல். அதன் இரட்டைப் பிணைப்பிலுள்ள இரு கார்பன்களுக்கு 5, 6 என்று எண் கொடுங்கள். வினை நடக்கும்போது 4-ம் கார்பன் 5-உடனும், 6-ம் கார்பன் 1-உடனும் பிணைகின்றன. பழைய மூன்று இரட்டைப் பிணைப்புகள் மறைந்து, 2-க்கும் 3-க்கும் இடையே புதிதாக ஒன்று தோன்றுகிறது. ஆறு கார்பன் வளையம் தயார்.

டையீனின் இரு முனைகளும் ஒரே பக்கமாக வளைந்திருந்தால்தான் இது நடக்கும். சாதாரண பியூட்டாடையீன் பெரும்பாலும் முனைகளை எதிரெதிராக நீட்டிக்கொண்டு நிற்கும் என்பதால், வினைக்கு முன் அது திரும்பியாக வேண்டும். சைக்ளோபென்டாடையீனிலோ ஒரு CH2 தொகுதி 1-ஐயும் 4-ஐயும் ஏற்கெனவே கட்டிவைத்திருக்கிறது. எனவே அது எப்போதும் தயார்நிலையில் இருக்கிறது. பனிக்கட்டி நீரிலும் வினை விரைந்து முடிவதற்கு இது ஒரு காரணம். மலியிக் அன்ஹைட்ரைடின் இரு கார்பனைல் தொகுதிகளும் எலக்ட்ரான்களைத் தம் பக்கம் இழுத்துவைத்திருப்பது மற்றொரு காரணம். அப்படி இழுக்கும் தொகுதி எதுவும் இல்லாத எத்திலீனைப் பியூட்டாடையீனுடன் சேர்க்கக் கடும் வெப்பமும் அழுத்தமும் வேண்டியிருக்கிறது.

வினை முடிந்த பிறகு அந்த CH2 எங்கே போகிறது? தூக்குவாளியின் கைப்பிடி போல, புதிய வளையத்தின் மேலே பாலமாக வளைந்து நிற்கிறது.

அடுத்தது பக்கங்களைப் பற்றிய கேள்வி. இரு புதிய பிணைப்புகளும் ஒரே கட்டத்தில், டையீனோஃபைலின் ஒரே முகத்தில் உருவாகின்றன. நடுவே நின்று திரும்பிக்கொள்ள எந்தத் தொகுதிக்கும் அவகாசம் கிடைப்பதில்லை. எனவே தொடக்கத்தில் ஒரே பக்கம் இருந்தவை முடிவிலும் ஒரே பக்கம் இருக்கும். மலியிக் அன்ஹைட்ரைடின் இரு கார்பனைல்களும் விளைபொருளில் சிஸ் அமைப்பில் இருப்பது இதனால்தான். அதற்குப் பதிலாக, எஸ்டர் தொகுதிகள் எதிரெதிர்ப் பக்கம் இருக்கும் டைமெத்தில் ஃபியூமரேட்டைச் சேர்த்தால் டிரான்ஸ் விளைபொருள்தான் வரும். அதில் ஒரு தொகுதி பாலத்தின் பக்கமும் மற்றது எதிர்ப்பக்கமும் நிற்கும். கண்ணாடி பிம்பங்களான இரு வடிவங்கள் சம அளவில் உருவாகும்.

சிஸ் விளைபொருளில்தான் மூன்றாவது கேள்வி எழுகிறது. அன்ஹைட்ரைடு வளையம் CH2 பாலம் இருக்கும் பக்கம் நிற்கலாம், அது எக்ஸோ. பாலத்துக்கு எதிர்ப்பக்கமாக, புதிய இரட்டைப் பிணைப்பின் அடியில் மடங்கியும் நிற்கலாம்; அது எண்டோ. இடம் தாராளமாக இருப்பது எக்ஸோவில். நிலைத்தன்மை சற்று அதிகமும் அதற்கே. ஆனாலும் பனிக்கட்டி நீரில் வைத்த குடுவையில் படியும் பொருள் எண்டோதான். மூலக்கூறுகள் நெருங்கும் வேளையில் கார்பனைல்கள் டையீனின் நடுப்பகுதிக்கு நேர் கீழே வந்து அமர்ந்தால், கடக்க வேண்டிய ஆற்றல் தடை குறைகிறது. அங்கே சுற்றுப்பாதைகளுக்கு இடையில் ஏற்படும் கூடுதல் ஈர்ப்பே இதற்குக் காரணம் என்று பாடநூல்கள் சொல்கின்றன. அது மட்டும் போதுமான விளக்கமா என்ற விவாதம் ஆய்வாளர்களிடையே தொடர்கிறது. எண்டோ வடிவத்தை முன்கூட்டியே சொல்லும் விதியை ஆல்டரும் ஸ்டைனும் 1937-இல் வகுத்தார்கள்.

கிடைத்த படிகம் எது என்பதை உருகுநிலை காட்டிவிடும். எண்டோ 165 டிகிரி செல்சியஸை ஒட்டி உருகும், எக்ஸோ 143-ஐ ஒட்டி. இரண்டும் கலந்திருந்தால் படிகம் ஒரே புள்ளியில் உருகாமல், குறைந்த வெப்பநிலையிலேயே இளகத் தொடங்கி நெடுநேரம் இழுக்கும்.

தவறு பெரும்பாலும் தொடக்கத்திலேயே நிகழ்கிறது. சைக்ளோபென்டாடையீன் தன்னோடு தானே இதே வினையைச் செய்யும். ஒரு மூலக்கூறு டையீனாகவும் மற்றொன்று டையீனோஃபைலாகவும் மாறி, அறை வெப்பநிலையிலேயே இரட்டை மூலக்கூறாகிவிடும். கடையில் புட்டியில் கிடைப்பது அந்த இரட்டைதான். அதை ஏறத்தாழ 170 டிகிரிக்குச் சூடாக்கினால் வினை பின்னோக்கி ஓடி, மூலக்கூறு இரண்டாகப் பிளக்கும். 41 டிகிரியில் கொதிக்கும் சைக்ளோபென்டாடையீனை வடித்துப் பனியில் சேகரித்து, அன்றே பயன்படுத்த வேண்டும். முந்தின நாளே வடித்து வெளியில் வைத்திருந்தால் விளைச்சல் சரியும். இன்னொரு எதிரி ஈரம். அது அன்ஹைட்ரைடை மலியிக் அமிலமாக மாற்றிவிடும்.

பின்னோக்கி ஓடும் இந்த இயல்புதான் மூன்றாவது கேள்வியின் விடையையும் மாற்றுகிறது. தூய எண்டோ படிகத்தை ஏறத்தாழ 190 டிகிரியில் உருக்கிவைத்தால் மூலக்கூறுகள் பிரிந்து, மீண்டும் மீண்டும் சேர்கின்றன. ஒவ்வொரு முறையும் சில மூலக்கூறுகள் அதிக நிலைத்தன்மை கொண்ட எக்ஸோவாகின்றன. அந்தக் கலவையைத் திரும்பத் திரும்பப் படிகமாக்கித்தான் எக்ஸோவைப் பிரித்தெடுக்கிறார்கள்.

சைக்ளோபென்டாடையீனுக்குப் பதில் ஃபியூரானை எடுத்தால் இவ்வளவு சூடும் வேண்டாம். அதன் எண்டோ விளைபொருள் அறை வெப்பநிலையிலேயே எளிதில் பிரிந்துவிடுவதால், சில நாட்களில் குடுவையில் தங்குவது எக்ஸோ படிகம். டையீனையும் டையீனோஃபைலையும் மட்டும் பார்த்து எண்டோ என்று எழுதும் மாணவர் இந்த இடத்தில் தவறுகிறார். வினை திரும்பி ஓடக்கூடியதா, அதற்கு எவ்வளவு வெப்பமும் நேரமும் தரப்பட்டன என்பதையும் பார்த்த பிறகே அன்ஹைட்ரைடு வளையத்தை எந்தப் பக்கம் வரைவது என்று முடிவு செய்ய முடியும்.