'சில்க்'னு போட்டு ஏமாத்திட்டீங்க... ஆன்லைன் வாடிக்கையாளரின் புகாருக்கு விற்பனையாளர் எப்படி பதில் சொல்ல வேண்டும்?

ஆன்லைனில் சேலை விற்பவர்களுக்கு அடிக்கடி வரும் மெசேஜ் இது: "சில்க்னு போட்டிருந்தீங்க. அம்மாவோட அறுபதாம் கல்யாணத்துக்கு வாங்கினேன். நூலை இழுத்து எரிச்சுப் பார்த்தா பிளாஸ்டிக் வாடை வருது. இப்படியா ஏமாத்துவீங்க?"

இதைப் படித்ததும் பல விற்பனையாளர்களின் கை தானாக டைப் செய்யும் பதிலும் ஏறக்குறைய ஒன்றுதான். "டிஸ்கிரிப்ஷனை முழுசா படிச்சீங்களா? ஆர்ட் சில்க்னு தெளிவா போட்டிருக்கோம். 1,450 ரூபாய்க்கு யார் பட்டு தருவாங்க?"

இதில் பொய் எதுவும் இல்லை. ஆனாலும் விற்பனையாளரை அதிகம் சிக்க வைக்கும் பதில் இதுதான். ஏன் என்று ஒரு உதாரணத்தோடு பார்ப்போம்.

என்ன நடந்தது?

சேலம் மாவட்டம் இளம்பிள்ளையில் இருந்து ஒருவர் விசைத்தறி சேலைகளை வாங்கி, பிரபல ஷாப்பிங் தளம் ஒன்றில் விற்பதாக வைத்துக்கொள்வோம். லிஸ்டிங்கின் தலைப்பு, 'காஞ்சிபுரம் சாஃப்ட் சில்க் சேலை, கல்யாண கலெக்‌ஷன்'. போட்டோவில் பட்டுச்சேலை போலவே பளபளப்பு. கீழே ஸ்க்ரோல் செய்து, 'மேலும் விவரம்' என்பதைத் தொட்டால் துணி என்ற இடத்தில் 'ஆர்ட் சில்க்' என்று இருக்கிறது.

மார்ச் 4-ம் தேதி ஆர்டர், 8-ம் தேதி டெலிவரி. 17-ம் தேதி புகார் வருகிறது. தளத்தின் 7 நாள் ரிட்டர்ன் அவகாசம் 15-ம் தேதியே முடிந்துவிட்டது.

தமிழ்நாட்டுக் கடைகளில் 'சாஃப்ட் சில்க்' என்ற பெயருக்கு இரண்டு வாழ்க்கை இருக்கிறது. சில கடைகளில் அது மெல்லிய அசல் பட்டு. வேறு இடங்களில் பாலியஸ்டர் நூலில் விசைத்தறியில் நெய்தது. 'ஆர்ட் சில்க்' என்பது ஆர்ட்டிஃபிஷியல் சில்க், அதாவது செயற்கைப் பட்டு. வியாபாரிகளுக்கு இது தெரியும். வாங்குபவர்களில் பலர் 'ஆர்ட்' என்றால் கலை வேலைப்பாடு என்றே நினைக்கிறார்கள்.

சட்டம் என்ன கேட்கிறது?

உண்மை பக்கத்தின் ஏதோ ஒரு மூலையில் இருந்ததா என்பது மட்டும் கேள்வி இல்லை. 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பொருளின் தன்மை, தரம், அளவு பற்றி வாங்குபவரைத் தவறாக நினைக்க வைக்கக்கூடிய விளம்பரத்தையும் தவறான விளம்பரம் என்றே பார்க்கிறது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-ல் வெளியிட்ட வழிகாட்டுதல் இன்னும் நேரடியானது. பொறுப்புத் துறப்புக் குறிப்பு, விளம்பரத்தின் முக்கியச் செய்தியை விளக்கலாம். அதற்கு முரணாக இருக்கக் கூடாது.

தலைப்பில் 'காஞ்சிபுரம் சில்க்', உள்ளே 'ஆர்ட் சில்க்' என்றால், விளக்கமா முரணா? இந்தக் கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்லிக்கொண்ட பிறகுதான் வாடிக்கையாளருக்குப் பதில் எழுத வேண்டும்.

இன்னொன்று. மின் வணிகத்துக்கான 2020-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்பு விதிகளின்படி, விளம்பரத்தில் சொன்ன தன்மை பொருளில் இல்லை என்றால், தளம் வழியாக விற்பவர் அதைத் திரும்ப எடுக்கவோ பணத்தைத் தரவோ மறுக்க முடியாது. ஆகவே 'ரிட்டர்ன் டைம் முடிஞ்சுபோச்சு' என்ற ஒரு வரி மட்டும் இங்கே பதிலாக நிற்காது.

டைப் செய்வதற்கு முன்னால்...

முதல் வேலை, லிஸ்டிங்கை ஸ்கிரீன்ஷாட் எடுப்பது. கம்ப்யூட்டரில் மட்டும் போதாது. போனிலும் எடுக்க வேண்டும், ஏனென்றால் வாங்கியவர் பெரும்பாலும் போனில்தான் பார்த்திருப்பார். போனில் முதல் திரையில் தெரிவது என்ன, எத்தனை முறை தள்ளினால் 'ஆர்ட் சில்க்' வருகிறது என்று பார்த்தாலே பாதி விஷயம் புரிந்துவிடும். பலர் புகார் வந்த பதற்றத்தில் முதலில் தலைப்பை மாற்றிவிடுகிறார்கள். வாங்கியவர் கையில் பழைய ஸ்கிரீன்ஷாட் இருந்தால், ஆதாரத்தை அழிக்கப் பார்த்தது போல ஆகிவிடும். தலைப்பைத் திருத்த வேண்டியதுதான், ஆனால் பழையதைச் சேமித்த பிறகு.

இரண்டாவது, சேலை உண்மையில் என்ன என்று தெரிந்துகொள்வது. வாங்கி விற்பவர்களில் பலருக்கே இது சரியாகத் தெரியாது. தறிக்காரரிடம் பாவு என்ன நூல், ஊடை என்ன நூல் என்று தனித்தனியாகக் கேட்க வேண்டும். ஒன்று பட்டாகவும் மற்றது வேறாகவும் இருக்கும் சேலைகள் உண்டு. ஸ்டாக்கில் அதே ரகச் சேலை இருந்தால், சேலையின் வெட்டு ஓரத்தில் இருந்து பாவு நூலையும் ஊடை நூலையும் எடுத்துத் தனித்தனியாக எரித்துப் பார்க்கலாம். பட்டு நூல் மெதுவாக எரியும், முடி கருகும் வாடை வரும், சாம்பலை விரலால் நசுக்கினால் பொடியாகும். பாலியஸ்டர் உருகிச் சுருண்டு, கடைசியில் கெட்டியான மணி போல நிற்கும். பருத்தியும் ரேயானும் காகிதம் போல எரியும். கலப்பு நூல் என்றால் இந்தச் சோதனை குழப்பும். அப்போது தறிக்காரரின் பில்தான் கைகொடுக்கும்.

பதில் எப்படி இருக்கலாம்?

இந்த உதாரணத்துக்கு ஏற்ற பதில் இப்படி இருக்கலாம்:

"வணக்கம் மேடம். நீங்க மார்ச் 4-ம் தேதி ஆர்டர் போட்டப்போ பக்கத்துல என்ன இருந்ததுன்னு எடுத்துப் பார்த்தோம். தலைப்பில் 'காஞ்சிபுரம் சாஃப்ட் சில்க் சேலை' என்றும், துணி விவரத்தில் 'ஆர்ட் சில்க்' என்றும் இருந்தது. உங்களுக்கு வந்த சேலை இளம்பிள்ளையில் விசைத்தறியில் நெய்தது. பாவு, ஊடை இரண்டுமே பாலியஸ்டர். பட்டு நூல் இல்லை. தலைப்பை மட்டும் பார்த்தால் பட்டு என்று புரிந்துகொள்ள இடம் இருக்கிறது.

சேலையைத் திரும்ப எடுத்துக்கொள்கிறோம். ரிட்டர்ன் தேதி முடிந்துவிட்டதால் தளத்தில் பட்டன் வராது, நாங்களே கூரியர் அனுப்புகிறோம், செலவு எங்களுடையது. 19 அல்லது 20-ம் தேதி எந்த நேரம் வசதி என்று சொல்லுங்கள். பிக்கப் ஆனதில் இருந்து 3 வேலை நாளில் 1,450 ரூபாய் முழுவதும் வந்துவிடும். நூல் இழுத்துப் பார்த்ததற்காக எதுவும் பிடிக்க மாட்டோம். தலைப்பை இன்று திருத்திவிட்டோம்."

இதில் 'நீங்க ஏன் படிக்கல' இல்லை. அதே நேரம் 'ஐயோ மன்னிச்சிடுங்க' என்று நான்கு வரியும் இல்லை. முதல் பத்தி முழுக்க, யார் வேண்டுமானாலும் சரிபார்க்கக்கூடிய தகவல். லிஸ்டிங்கில் இருந்த சொற்களை அப்படியே எடுத்துப் போட்டதுதான் இதன் பலம். 'சரியாத்தான் போட்டிருந்தோம்' என்று எழுதியிருந்தால் வாக்குவாதம் அங்கேயே தொடங்கியிருக்கும்.

'புரிந்துகொள்ள இடம் இருக்கிறது' என்ற வரியை எழுதப் பலர் தயங்குவார்கள். தப்பை ஒப்புக்கொண்டது போல ஆகாதா? ஏமாற்றும் நோக்கம் இருந்ததாக அந்த வரி சொல்லவில்லை. சொற்கள் எப்படிப் படும் என்பதை மட்டும் சொல்கிறது. ஏமாற்றினார்கள் என்று கோபத்தில் இருப்பவருக்குத் தேவைப்படுவது, தான் முட்டாள் இல்லை என்று எதிர்தரப்பு ஒப்புக்கொள்வதுதான். அது கிடைத்ததும் பேச்சு பணத்துக்கும் கூரியருக்கும் வந்துவிடும்.

விலையைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லாததையும் கவனிக்கலாம். 1,450 ரூபாய்க்குப் பட்டு வராது என்பது வாதமாகச் சரியாகத் தெரியும். ஆனால் 'அப்படின்னா ஏன் சில்க்னு போட்டீங்க?' என்ற கேள்வியை அதுதான் வரவழைக்கிறது.

ஃபால்ஸ் அடித்து, பிளவுஸும் தைத்த பிறகு புகார் வந்தால்? அங்கே முழுப் பணமா, ஒரு பகுதியா என்று இருவரும் பேசித்தான் முடிக்க வேண்டும். எவ்வளவு தர முடியும் என்ற தொகையை முதல் பதிலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஆனால் 'ரிவ்யூவை எடுத்தாதான் பணம்' என்ற நிபந்தனை வேண்டாம். ஸ்கிரீன்ஷாட்டில் அதைவிட மோசமாகத் தெரியும் வரி வேறு இல்லை.

விற்பனையாளர் பக்கம் நியாயம் இருந்தால்?

அதுவும் நடக்கும். தலைப்பிலேயே 'பாலியஸ்டர் சேலை, பட்டு போன்ற பளபளப்பு' என்று போட்டிருந்தும் பட்டு இல்லை என்று புகார் வரலாம். அப்போது பதில் இன்னும் சிறியது: "வணக்கம் சார். மார்ச் 4-ம் தேதி பக்கத்தின் தலைப்பில் 'பாலியஸ்டர் சேலை' என்று இருந்தது. ஸ்கிரீன்ஷாட் இணைத்திருக்கிறோம். அனுப்பியதும் அதே துணிதான். அதனால் இதை விவரம் மாறிய பொருளாக எடுக்க முடியவில்லை. பிடிக்கவில்லை என்பதற்காகத் திருப்ப விரும்பினால் 15-ம் தேதி வரை வாய்ப்பு இருந்தது. பக்கத்தில் வேறு எந்த இடம் பட்டு என்று நினைக்க வைத்தது என்று சொன்னால் பார்க்கிறோம்."

கடைசி வரி சும்மா மரியாதைக்கு இல்லை. ஐந்தாவது போட்டோவின் மூலையில் 'பியூர் சில்க்' என்ற ஸ்டிக்கர் ஒட்டியிருப்பது சில நேரம் இப்படித்தான் தெரியவரும். மொத்த வியாபாரி கொடுத்த போட்டோக்களை அப்படியே ஏற்றுபவர்களுக்கு இது சகஜம்.

தலைப்பை எப்படித் திருத்துவது?

'காஞ்சிபுரம்' என்ற சொல் முதலில் போக வேண்டும். காஞ்சிபுரம் பட்டு புவிசார் குறியீடு பெற்ற பெயர். இளம்பிள்ளை பாலியஸ்டர் சேலைக்கு அதை வைப்பது தனிப் பிரச்சினை. 'சாஃப்ட் சில்க்' என்ற சொல்லில்தான் மக்கள் தேடுகிறார்கள் என்பது விற்பனையாளர்களின் வாதம். அப்படியே இருந்தாலும், துணியின் பெயர் அதே வரியில், முதலிலேயே வர வேண்டும். 'பாலியஸ்டர் சேலை, சாஃப்ட் சில்க் டைப், இளம்பிள்ளை நெசவு' என்றால் தேடலிலும் வரும், யாரும் தவறாக நினைக்கவும் மாட்டார்கள். அசல் பட்டு விற்பவர்களுக்கு மத்திய பட்டு வாரியத்தின் ஆதரவில் வரும் சில்க் மார்க் லேபிள் இருக்கிறது. அது சேலையில் இருந்தால் மட்டும் போட்டோவில் காட்டலாம்.

பதில் சொன்ன பிறகும் ஏற்கவில்லை என்றால்?

வாங்கியவர் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் செய்யலாம். அடுத்த கட்டம் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். பிரச்சினை எழுந்த 2 ஆண்டுகளுக்குள் அங்கே போகலாம், 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குப் புகார் கட்டணம் இல்லை. விற்பனையாளரின் குறைதீர் அலுவலர், புகார் கிடைத்ததை 48 மணி நேரத்தில் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்பதும் 2020 விதிகளில் இருக்கிறது. சிறு விற்பனையாளர் என்றால் அந்த அலுவலரும் பெரும்பாலும் அவரேதான். மார்ச் 17 இரவு வந்த புகாருக்கு விவரம் சேகரிக்க நேரம் வேண்டுமென்றால், "புகார் கிடைத்தது, 20-ம் தேதிக்குள் முழுப் பதில் தருகிறோம்" என்று 19-ம் தேதி இரவுக்குள் ஒரு வரி போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.