திருக்கை முள்ளும் ஏற்பு ஊசியும்: உயர்தர உயிரியல் வினாத்தாளில் ஒரு காயம்

உயர்தர உயிரியலில் நிர்ப்பீடனம் பற்றிய அலகைப் படிக்கும் மாணவருக்கு நன்கு பழகிய வினா ஒன்று உண்டு: முதலான நிர்ப்பீடனத் தூண்டற்பேற்றையும் துணையான நிர்ப்பீடனத் தூண்டற்பேற்றையும் ஒப்பிடுக. பெரும்பாலானோர் "முதலாவது மெதுவானது, இரண்டாவது விரைவானது" என்று எழுதிவிட்டு அடுத்த வினாவுக்குப் போய்விடுவார்கள். பிழையான விடை அல்ல. ஆனால் எவ்வளவு மெதுவானது, எவ்வளவு விரைவானது, அந்த இடைவெளியால் யாருக்கு என்ன நேரும் என்பதை வைத்தியசாலையின் காயக்கட்டு மேசையில் பார்த்தால்தான் விடை முழுமையாகும். மன்னாரில் அதற்கு ஏற்ற உதாரணம் ஏற்புவலி.

வங்காலை, பேசாலை, தலைமன்னார் என்று எந்தக் கரையிலும் வலை தட்டும்போது திருக்கை முள்ளோ கெளிற்று முள்ளோ கையிலோ காலிலோ ஏறுவது புதிய செய்தி அல்ல. முள் உள்ளே போன வழி ஒடுக்கமானது, ஆழமானது. மேலே ஒரு துளி இரத்தம் மட்டுமே தெரியும், உள்ளே காற்றுப் புகாது. குளொஸ்திரிடியம் ரெற்றனி என்ற பக்றீரியாவின் வித்திகளுக்கு இதைவிட வசதியான இடம் கிடையாது. மண்ணிலும் விலங்குகளின் சாணத்திலும் இந்த வித்திகள் ஆண்டுக்கணக்கில் கிடக்கும். மன்னார் நகரத் தெருக்களில் கழுதைகள் நிற்கும் இடமெல்லாம் நடந்த அதே காலோடுதான் நாம் கரைக்கும் போகிறோம். ஒட்சிசன் இல்லாத காயத்தில் வித்தி முளைத்துத் தொக்சினைச் சுரக்கும். அந்தத் தொக்சின் நரம்புகள் வழியே முண்ணாணை அடைந்து, தசைகளைத் தளரச் சொல்லும் சைகைகளைத் தடுத்துவிடும். முதலில் தாடை இறுகும். நம் முன்னோர் இதை வாய்ப்பூட்டு என்றார்கள். பிறகு கழுத்தும் முதுகும் வில்லாக வளையும்.

காயம் பட்டு நோய் தெரிய 3 முதல் 21 நாட்கள் செல்லலாம், சராசரியாக ஒரு வாரத்துக்குச் சற்று மேல். இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டு கீழே வரும் இரண்டு பாய்ச்சற் கோட்டுப்படங்களையும் படியுங்கள்.

முதல் முறை: உடல் கற்றுக்கொள்ளும் காலம்

ஊசியில் இருப்பது தொக்சின் அல்ல, தொக்சோயிட். போமலினால் நச்சுத்தன்மை நீக்கப்பட்ட அதே புரதம். நஞ்சு போய்விட்டது, உருவம் மிச்சம் இருக்கிறது. நிர்ப்பீடனத் தொகுதிக்கு அந்த உருவமே போதும்.

தொக்சோயிட் முதன்முறையாக உடலினுள் செல்லல்
↓
பிறபொருளெதிரியாக்கியை முன்வைக்கும் கலங்கள் அதை உள்ளெடுத்து நிணநீர்க் கணுவுக்குக் கொண்டுசெல்லல்
↓
பொருந்தும் வாங்கியுள்ள மிகச் சில பி கலங்களும் உதவி டி கலங்களும் தெரிவுசெய்யப்படல்
↓
தெரிவான கலங்கள் பெருகிக் குளோன் உருவாதல்
↓
ஒரு பகுதி: பிளாஸ்மாக் கலங்கள் (முதலில் ஐஜிஎம், பின்னர் ஐஜிஜி)
மறு பகுதி: ஞாபகக் கலங்கள்
↓
பிறபொருளெதிரிச் செறிவு 10 முதல் 17 நாட்களில் உச்சத்தை அடைந்து, பின்பு குறைதல்

இந்தப் படத்தில் காலத்தை விழுங்குவது மூன்றாவது, நான்காவது படிகள்தாம். ஏற்புத் தொக்சோயிட்டுடன் பொருந்தும் வாங்கி கொண்ட பி கலங்கள் உடலில் மிகச் சிறு பங்காகவே முன்கூட்டி இருக்கும். அவற்றைத் தேடிப் பிடித்துப் பெருக்க நாட்கள் ஆகும். பரீட்சையில் "தாமத காலம் நீளமானது" என்று மட்டும் எழுதாமல், தெரிவும் பெருக்கமும் நடக்க வேண்டியிருப்பதே காரணம் என்று ஒரு வரி சேர்த்தால் அதுதான் விளக்கம்.

இரண்டாம் முறை: தெரிந்த முகம்

அதே தொக்சோயிட் மீண்டும் உட்செல்லல்
↓
ஏற்கெனவே எண்ணிக்கையில் கூடியிருக்கும் ஞாபக பி, ஞாபக டி கலங்கள் உடனடியாக இனங்காணல்
↓
விரைவான பெருக்கம், பிளாஸ்மாக் கலங்களாக வியத்தம்
↓
பெரும்பாலும் ஐஜிஜி, பிறபொருளெதிரியாக்கியுடன் இறுகப் பிணையும் தன்மை கூடியது
↓
2 முதல் 7 நாட்களில் உச்சம், அளவில் பல மடங்கு, நீண்ட நாள் நிலைத்திருத்தல்
↓
மேலும் ஞாபகக் கலங்கள்

இந்த இரண்டு தூண்டற்பேறுகளின் வேறுபாட்டை ஆய்வுகூடத்தில் தெளிவாகக் காட்டியவர்கள் இங்கிலாந்தின் கிளெனியும் சூட்மெர்சனும். 1921இல் தொண்டைக்கரப்பான் நஞ்சை வைத்து அதைச் செய்தார்கள். அதற்கு முன் 1890இல் பேரிங்கும் கிற்றசாற்றோவும் ஏற்புவலிக்கு எதிரான சீரத்தைக் கண்டறிந்திருந்தார்கள். அந்தச் சீரத்தின் வழித்தோன்றலைச் சற்று நேரத்தில் பார்க்கப்போகிறோம்.

நம் குழந்தைகளின் அட்டையில் இருக்கும் வரைபு

இலங்கையில் முக்கூட்டு ஊசி 1961இல் வந்தது. இன்றைய அட்டவணையில் ஏற்புத் தொக்சோயிட் 2, 4, 6 மாதங்களில் ஐங்கூட்டு ஊசியின் பகுதியாகவும், 18 மாதத்தில் முக்கூட்டு ஊசியாகவும், 5 வயதில் இருகூட்டு ஊசியாகவும், ஏழாம் தரத்தில் வளர்ந்தோருக்கான இருகூட்டு ஊசியாகவும் கிடைக்கிறது. மொத்தம் ஆறு தடவை. "ஒரே ஊசியை ஏன் இத்தனை முறை?" என்று தாய்மார் குடும்பநல உத்தியோகத்தரிடம் கேட்பது நியாயமான கேள்வி. முதல் ஊசி முதலான தூண்டற்பேறு. அது பலரில் பாதுகாப்பு அளவைக்கூட எட்டாது. அடுத்தவை துணையான தூண்டற்பேறுகள், ஒவ்வொன்றும் படியை உயர்த்துகிறது.

இடைவெளியும் வீணாக விடப்பட்டதல்ல. நிணநீர்க் கணுவினுள் பி கலங்கள் தம் வாங்கிகளைத் திருத்தித் திருத்தி, நன்றாகப் பொருந்துபவை மட்டும் தங்கும் வேலை வாரக்கணக்கில் நடக்கிறது. இரண்டாம் ஊசியை ஒரு வாரத்திலேயே போட்டால் ஞாபகக் கலங்கள் முதிர்ந்திராது. எனவே ஆகக் குறைந்தது நான்கு வாரம்.

பரீட்சைக்குப் பயன்படும் இன்னொரு உதாரணம் பாடசாலையிலேயே உண்டு. 2017 முதல் ஆறாம் தர மாணவியருக்கு எச்பிவி ஊசி ஆறு மாத இடைவெளியில் இருமுறை போடப்படுகிறது. அடுத்த ஆண்டு ஏழாம் தரத்தில் ஏற்பு ஊசி. ஒரே சிறுமியின் உடலில் எச்பிவிக்கு முதலில் முதலான தூண்டற்பேறு நிகழ்கிறது. ஏற்புக்கு நிகழ்வதோ துணையான தூண்டற்பேறு. ஞாபகம் குறித்த பிறபொருளெதிரியாக்கிக்கு மட்டுமே உரியது. வரைபில் 28ஆம் நாள் புதிய பிறபொருளெதிரியாக்கி செலுத்தப்பட்டது என்று கொடுத்தால், அதற்கு முதலான தூண்டற்பேற்றின் சிறிய வளைகோட்டையே வரைய வேண்டும். இங்கே பலர் சறுக்குகிறார்கள்.

நோயே வந்தாலும் ஞாபகம் வராது

ஏற்புவலியில் ஒரு விசித்திரம் உண்டு. அம்மை வந்து தேறியவருக்கு அம்மை பற்றிய ஞாபகம் தங்கும். ஏற்புவலி வந்து பிழைத்தவருக்கு அப்படித் தங்குவதில்லை. கொல்லப் போதுமான தொக்சினின் அளவு ஒரு கிலோ உடல் எடைக்கு ஏறத்தாழ 2.5 நானோகிராம் என்று மதிப்பிடப்படுகிறது. நிர்ப்பீடனத் தொகுதியைத் தட்டி எழுப்ப அது மிகச் சொற்பம். உயிர் போகும் அளவு, ஆனால் பாடம் படிக்கப் போதாத அளவு. அதனால் நோயிலிருந்து தேறுபவருக்கும் தடுப்பூசி போடப்படுகிறது.

இதிலிருந்து வரும் நுட்பமான விளைவு ஒன்று பாடநூல் படத்தில் தெரியாது. சிறு வயதில் ஊசி பெற்றவருக்கு முள் குத்தும்போது, அந்தக் காயத்தின் தொக்சின் ஞாபகக் கலங்களை எழுப்பும் என்று நம்பிக்கொண்டிருக்க முடியாது. அவரைக் காப்பது இரத்தத்தில் ஏற்கெனவே மிதக்கும் பிறபொருளெதிரி. அது காலப்போக்கில் குறைகிறது. ஆகவே ஞாபகக் கலங்களை எழுப்புவதை நாமே ஒரு ஊட்டல் ஊசியால் செய்கிறோம். "கடைசியாக ஏற்பு ஊசி எப்போது போட்டீர்கள்?" என்று தாதி கேட்பதன் பொருள் இதுதான். மேலும் இந்த நோய் ஆளுக்கு ஆள் தொற்றுவதில்லை. ஊரில் அனைவரும் ஊசி போட்டிருந்தாலும் போடாத ஒருவருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

ஒரே வள்ளத்தில் இருவர்

பேசாலையில் ஒரே வள்ளத்தில் போன இருவருக்கும் ஒரே நாளில் திருக்கை முள் ஏறியது என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் 26 வயது இளைஞர், பாடசாலை ஊசிகள் எல்லாம் பெற்றவர், கடைசி ஊசி 12 வயதில். மற்றவர் 68 வயதுப் பெரியவர். அவர் பிறந்த காலத்தில் நாட்டில் முக்கூட்டு ஊசி இல்லை. அவர் வயதுப் பெண்கள் பலருக்குக் கர்ப்ப காலத்தில் ஏற்பு ஊசி கிடைத்தது. ஆண்களுக்கு அந்த வாய்ப்பும் இல்லை. போர்க்கால இடப்பெயர்வுகளில் அட்டைகளைத் தொலைத்தவர்களும் நம்மிடையே நிறையப் பேர். பதிவும் நினைவும் இல்லையென்றால் வைத்தியர் ஊசியே பெறாதவராகத்தான் கணக்கில் எடுப்பார்.

இருவருக்கும் முதல் வேலை ஒன்றே: ஓடும் நீரில் சவர்க்காரமிட்டுக் கழுவி, முள் துண்டுகளையும் இறந்த இழையத்தையும் அகற்றுவது. பொறுக்கக்கூடிய சூட்டு நீரில் காலை வைத்தால் திருக்கை நஞ்சின் வலி குறையும். ஆனால் அது ஏற்புக்கு மருந்தல்ல. மஞ்சள், சுண்ணாம்பு, கோப்பித்தூள் எதையும் அப்ப வேண்டாம். முள் நெஞ்சிலோ வயிற்றிலோ ஏறியிருந்தால் பிடுங்காமல் அப்படியே கொண்டுபோக வேண்டும்.

இளைஞருக்கு ஒரு ஊசி போதும். அழுக்கான காயத்துக்குக் கடைசி ஊசி ஐந்து ஆண்டுகளைத் தாண்டியிருந்தால், சுத்தமான சிறு காயத்துக்குப் பத்து ஆண்டுகளைத் தாண்டியிருந்தால் ஊட்டல் ஊசி என்பது பொதுவான நடைமுறை. அவருக்குப் பதினான்கு ஆண்டுகள் ஆகிவிட்டன. ஊசி போட்ட சில நாட்களில் ஐஜிஜி ஏறிவிடும். தொக்சின் தலைதூக்குவதற்கு முன் பெரும்பாலும் பாதுகாப்பு வந்துவிடும்.

பெரியவருக்கு அதே ஊசி மட்டும் போட்டால் என்ன ஆகும்? அவருடைய உச்சம் 10ஆம் நாளுக்குப் பிறகு, அதுவும் போதுமான உயரத்தில் இராது. நோய் எட்டாம் நாளிலேயே வந்துவிடலாம். எனவே ஒரு கையில் தொக்சோயிட், வேறு இடத்தில் வேறு ஊசிக்குழாயில் ஏற்பு எதிர் இம்யூனோகுளோபியூலின். வழக்கமான அளவு 250 சர்வதேச அலகு. பேரிங்கின் சீரத்துடைய இன்றைய வடிவம் இது. ஆனால் இன்று அதை மனித இரத்தத்திலிருந்து எடுக்கிறார்கள். நரம்பில் ஏற்கெனவே பிணைந்துவிட்ட தொக்சினை அதனால் மீட்க முடியாது. ஆகவே "நாளைக்குப் பார்ப்போம்" என்று தள்ளிப்போடக் கூடாது.

அவருக்கு நான்கு வாரம் கழித்து இரண்டாம் தொக்சோயிட், அதிலிருந்து ஆறு மாதம் கழித்து மூன்றாவது. வலி போனதும் கரைக்குத் திரும்பிவிடுபவர்கள் தவறவிடுவது இந்த இரண்டையும்தான்.

பெரியவரின் வரைபை வரைக

இதை ஓர் அமைப்புக் கட்டுரை வினாவாகத் தந்தால் ஒரே அச்சில் இரண்டு கோடுகள் வேண்டும். இம்யூனோகுளோபியூலினின் கோடு ஊசி போட்டதிலிருந்து சில நாட்களுக்குள் உயர்ந்து, பிறகு இறங்கத் தொடங்கும். ஏறத்தாழ மூன்று வாரத்துக்கு ஒருமுறை பாதியாகும். அதில் தாமத காலம் இல்லை, குளோன் இல்லை, ஞாபகக் கலமும் இல்லை. அது முயற்சியற்ற நிர்ப்பீடனம். தொக்சோயிட்டின் கோடு பல நாட்கள் அடித்தளத்தில் கிடந்து இரண்டாம் வாரத்தில் சிறிதாக எழும்பி இறங்கும். 28ஆம் நாள் இரண்டாம் ஊசியுடன் செங்குத்தாக ஏறி, முதல் கோட்டைக் கடந்து மேலே போகும். இரண்டாம் ஊசிக்கு அவர் வரவில்லை என்று வினாவில் கொடுத்திருந்தால் அந்த ஏற்றத்தை வரையாதீர்கள். இரு கோடுகளும் இறங்கிக்கொண்டே போகும்.