ஏஜெண்டிடம் ஏமாந்த வாலிபருக்கு வேலை வாங்கிக் கொடுத்த பட்டியல்!

சென்னை-

"அம்பத்தூரிலே பெரிய கம்பெனி. 5 ஆயிரம் கட்டு. திங்கட்கிழமை சேர்ந்துடலாம்!"

இப்படிச் சொன்ன ஆசாமி திங்கட்கிழமை போனையே எடுக்கவில்லை. ஏமாந்தவர் ஐ.டி.ஐ.யில் டர்னர் படித்த 22 வயது வாலிபர். இன்று அவர் கம்ப்யூட்டர் லேத் ஓட்டுகிறார். எந்த ஏஜெண்டும் இல்லாமல்!

இது பற்றிய விவரம் வருமாறு:-

நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில் 2 ஆண்டுக்கு ஒருமுறை 'ஆக்மி' எந்திரக் கண்காட்சி நடக்கிறது. நடத்துவது அம்பத்தூர் தொழிற்பேட்டை உற்பத்தியாளர் சங்கம். ஸ்டால் போட்ட கம்பெனிகளின் பட்டியல் வாலிபர் கையில் கிடைத்தது. முதல் பெயரில் தொடங்கி வரிசையாக ஏறி இறங்கினார்.

லேத்தே இல்லை!

போன இடமெல்லாம் மாடியில் ஒரு ஆபீஸ். "தம்பி, நாங்க மெஷின் விக்கிறவங்க. இங்கே லேத்தே கிடையாது" என்றார்கள்.

அங்கேதான் அவருக்குப் பொறி தட்டியது. ஸ்டால் போடுகிறவர் பெரும்பாலும் மெஷினை விற்பவர். அதை ஓட்ட ஆள் தேடுகிறவர் வாங்கியவர். விற்றவருக்கு வேண்டியது ரிப்பேர் பார்க்கிற சர்வீஸ் ஆள். டர்னருக்கு வேலை வாங்கியவரிடம்தான்!

வாங்கியவர் எங்கே இருப்பார்? சங்கத்தின் உறுப்பினர் பட்டியலில்!

அதில் பெயரைப் பார்க்காமல் தயாரிப்பைப் பார்த்தார். ஷாப்ட், புஷ், வால்வு பாகம் என்று போட்டிருந்தால் அங்கே லேத் இருந்தே தீரும். பெயின்ட், அட்டைப்பெட்டி என்றால் அடித்துவிட்டார். பிறகு முகவரி. தொழிற்பேட்டை மனை எண் இருந்தால் பட்டறை. வணிக வளாகத்தில் 3-வது மாடி என்றால் ஆபீஸ். இப்படிக் கழித்ததில் 14 பெயர் மிஞ்சியது.

ஷிப்ட் மாறும் நேரத்தில் போய் போர்மேனைப் பார்த்தார். 2 பட்டறை மூடிக் கிடந்தது. பழைய பட்டியலில் இந்தத் தொல்லை உண்டு. 'பிரைவேட் லிமிடெட்' என்றால் மத்திய கம்பெனி விவகாரத் துறை இணையதளத்தில் அது உயிரோடு இருக்கிறதா என்று பார்த்துவிடலாம். தனி ஆள் நடத்தும் பட்டறை அதில் வராது, நேரில்தான் போகவேண்டும்.

ஒன்பதாவது பட்டறையில், "ஒரு பீஸ் ஓட்டிக் காட்டு" என்றார்கள். காட்டினார். வேலை கிடைத்தது!

உஷார்!

பட்டியலில் பெயர் இருந்தால் வேலை காலி என்று அர்த்தம் இல்லை. சந்தா கட்டாத பட்டறைகள் அதில் இருக்கவும் இருக்காது.

இன்னொன்று. இதே பட்டியல் மோசடி ஆசாமிகள் கையிலும் கிடைக்கும். வாலிபரை ஏமாற்றியவன் சொன்னதும் நிஜக் கம்பெனியின் பெயர்தான்!

"பட்டியல்லே இருக்கிற நம்பருக்கு நானே ஒரு போன் போட்டிருந்தா, 5 ஆயிரம் தப்பிச்சிருக்கும்" என்கிறார் வாலிபர்.