# குறிக்குப் பின்னால் என்ன எழுதுவது?

2011இல் கோகோ கோலா நிறுவனம் ஆஸ்திரேலியாவில் தன் புட்டிகளின் மேல், அந்நாட்டில் அதிகம் வழங்கும் 150 பெயர்களை அச்சடித்து விற்றது. மூன்று ஆண்டு கழித்து அமெரிக்காவிலும் 250 பெயர்களோடு அதையே செய்தது. கூடவே #ShareaCoke என்றொரு ஹேஷ்டேக். கடையில் தன் பெயரோ தோழியின் பெயரோ உள்ள புட்டி கண்ணில் பட்டவர்கள் அதைப் படம் எடுத்து, இந்த ஹேஷ்டேக்கோடு போட்டார்கள். படம் எடுத்தவர் காட்ட விரும்பியது கோலாவை அல்ல, தன் பெயரை. கோலா அந்தப் படத்துக்குள் சும்மா கூட வந்தது.

விற்கிறவர்கள் பெரும்பாலும் தவறவிடும் இடம் இதுதான். கடைப் பெயரை # குறியோடு சேர்த்து எழுதி, பில்லின் அடியில் அச்சடித்துவிட்டு, ஏன் ஒருவரும் போடவில்லை என்று காத்திருப்பார்கள். வாடிக்கையாளருக்குக் கடைப் பெயரைச் சொல்லவேண்டிய அவசியம் என்ன? தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ள ஒரு வசதி கிடைத்தால்தான் அவர் தட்டச்சு செய்வார்.

இந்தக் குறி வேலை செய்யும் விதம் மிக எளிது. 2007 ஆகஸ்டில் கிறிஸ் மெசினா என்ற அமெரிக்கர், ஒரே விஷயத்தைப் பேசுகிறவர்களைச் சேர்த்துக் காட்ட, சொல்லுக்கு முன் # போடலாமே என்று ட்விட்டரில் கேட்டார். 2009இல் ட்விட்டர் அந்தச் சொற்களைத் தொட்டால் திறக்கும் இணைப்புகளாக்கியது. 2011இல் இன்ஸ்டாகிராமிலும் வந்தது. # குறியிலிருந்து இடைவெளி வரும்வரை உள்ள எழுத்துகளை மென்பொருள் ஒரே சொல்லாக எடுத்துக்கொண்டு, அதே எழுத்துகள் உள்ள மற்றப் பதிவுகளோடு சேர்க்கிறது. ஆங்கிலத்தில் பெரிய எழுத்தா சின்ன எழுத்தா என்று பார்ப்பதில்லை. ஆனால் ஓர் எழுத்து கூடினாலும் குறைந்தாலும் அது வேறு ஹேஷ்டேக். நடுவில் புள்ளியோ, & குறியோ, சிறுகோடோ வந்தால் அந்த இடத்திலேயே அறுந்துவிடும்; அடிக்கோடு மட்டும் தாங்கும்.

அடுத்தது, என்ன கேட்கிறோம் என்பது. 2012 ஜனவரியில் மெக்டொனால்ட்ஸ் #McDStories என்று ட்விட்டரில் பணம் கட்டி விளம்பரம் செய்தது. நல்ல கதைகள் வரும் என்று எதிர்பார்த்த இடத்தில், சாப்பிட்டு வயிறு கெட்ட கதைகள் வந்து குவிந்தன. இரண்டு மணி நேரத்துக்குள் விளம்பரத்தை நிறுத்தவேண்டியதாயிற்று. 2014இல் ஸ்டார்பக்ஸ் வேறு மாதிரி கேட்டது. எங்கள் வெள்ளைக் காகிதக் கோப்பையில் படம் வரையுங்கள், அதைப் புகைப்படம் எடுத்து #WhiteCupContest என்று போடுங்கள் என்றது. மூன்று வாரத்தில் ஏறத்தாழ 4,000 பேர் வரைந்து அனுப்பினார்கள். ‘கதை சொல்’ என்றால் குறை சொல்லவும் அது இடம்தான். ‘இதில் வரைந்து காட்டு’ என்றால் வரைந்தவருக்குத் தன் கைவேலையைக் காட்டும் ஆசை. குறை சொல்ல அங்கே இடமே இல்லை. கேள்வியை விட வேலை கொடுப்பதே மேல் என்பேன்.

நம் ஊருக்கு வருவோம். மதுரையில் ‘ராணி’ என்ற பெயரில் சுங்குடிச் சேலைக் கடை ஒன்று இருப்பதாகக் கற்பனை செய்துகொள்வோம். வாங்கியவர்கள் கட்டிக்கொண்டு படம் போடவேண்டும். முதலில் தோன்றுவது #RaniSungudiSareesMadurai. நீளம் ஒரு தொல்லை என்றால், எழுத்து அதைவிடப் பெரிய தொல்லை. சுங்குடியை Sungudi என்றும், Sungadi என்றும், Chungudi என்றும் எழுதுகிறார்கள். சேலைக்கு Saree, Sari என்று இரண்டு. காதால் கேட்டு எழுதும் பத்துப் பேர் நாலைந்து ஹேஷ்டேக்குகளை உண்டாக்கிவிடுவார்கள். கடைக்காரர் ஒன்றை மட்டும் திறந்து பார்த்து, கூட்டமே இல்லை என்பார்.

‘கட்டியாச்சு’ என்று வைத்தால்? காதுக்கு இனிமை, வாடிக்கையாளர் வாயில் வரும் சொல்லும்கூட. ஆனால் Kattiyachu, Kattiyaachu, Kattiachu என்று அது இன்னும் மோசமாகப் பிரியும். தமிழ் எழுத்திலேயே வைத்துவிடலாமே என்றால், அது பாதி உண்மை. சுங்குடிச்சேலையா, சுங்குடிசேலையா? ஒற்று மிகுமா மிகாதா என்பதில் பள்ளிக்கூடத்திலிருந்தே நமக்குத் தகராறு. மென்பொருளுக்கோ அவை இரண்டு சொற்கள். கண்ணுக்குத் தெரியாத பொறியும் உண்டு. ‘ஔ’ என்ற ஓரெழுத்தும், ‘ஒ’வையும் ‘ள’வையும் அடுத்தடுத்து அடித்ததும் திரையில் ஒன்றுபோலவே தெரியும், கணினிக்கு வேறு வேறு. ஆகவே தமிழில் வைப்பதானால் ஒற்று மிகாத, ‘ஔ’ வராத ஒரே சொல்லாக வைப்பது நல்லது.

எனக்குப் பிடித்தது #RaniFriday. ராணி என்பதை அநேகமாக எல்லோரும் Rani என்றுதான் எழுதுவார்கள். கிழமைப் பெயரிலும் குழப்பம் இல்லை. வெள்ளிக்கிழமை சேலை கட்டுகிற பழக்கம் நிறையப் பேருக்கு இருக்கிறது. வாரா வாரம் ஒரு சாக்கு கிடைக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலே, அதைப் போடுகிற பெண் கடைப் பெயரைச் சொல்லும்போதே தன்னை ராணி என்றும் சொல்லிக்கொள்கிறார். சுங்குடி என்ற சொல் இல்லையே என்றால், அதைத்தான் படம் காட்டுகிறதே.

அச்சுக்குக் கொடுக்குமுன் மூன்று சோதனை. ஒன்று, அதைத் தேடிப் பார்க்கவேண்டும். வேறு ஊர் உணவகமோ பாட்டுக் குழுவோ ஏற்கெனவே புழங்கினால் நம் படங்கள் அதற்குள் கரைந்துவிடும். இரண்டு, எல்லாவற்றையும் சின்ன எழுத்தாக்கிச் சேர்த்துப் படிக்கவேண்டும். 2013இல் மார்கரெட் தாட்சர் இறந்தபோது #nowthatchersdead என்று ஓடியதை, பாடகி ஷெர் இறந்துவிட்டதாகப் பிரித்துப் படித்துப் பலர் துக்கம் கொண்டாடினார்கள். மூன்றாவதுதான் முக்கியம்: கடைக்குச் சம்பந்தமில்லாத சிலரிடம் தொலைபேசியில் ஒரே தடவை சொல்லி, எழுதி அனுப்பச் சொல்லவேண்டும். எல்லாரும் ஒரே மாதிரி அனுப்பாவிட்டால் அந்தப் பெயரை விட்டுவிடலாம்.

எங்கே அச்சடிப்பது? சேலை வாங்கும் நாள் வேறு, கட்டும் நாள் வேறு. பில்லும் பையும் அதற்குள் குப்பைக்குப் போயிருக்கும். சாயம் போகாமலிருக்க முதல் தடவை உப்புத் தண்ணீரில் அலசச் சொல்லும் துவைப்புக் குறிப்பு அட்டையைச் சேலை மடிப்பிலேயே பலர் வைத்திருப்பார்கள். அதில், Rani, Friday இரண்டின் முதலெழுத்தும் பெரிதாக இருக்கும்படி அச்சடிக்கலாம். பார்வையற்றோருக்கான திரைவாசிப்பு மென்பொருளும் அப்போது சொற்களைச் சரியாகப் பிரித்துப் படிக்கும்.

பலனை எண்ணும்போது கடைப் பணியாளர்கள், உறவினர்கள், பரிசுக்காகப் போட்டவர்கள் எல்லாரையும் கழித்துவிட வேண்டும். பரிசு ஏதும் அறிவித்திருந்தால், அது நின்ற பிறகும் படம் வருகிறதா என்பதே கணக்கு. பூட்டிய கணக்குகளிலிருந்து வரும் பதிவுகள் பொதுத் தேடலில் தெரியாது, ஸ்டோரிகள் 24 மணி நேரத்தில் மறைந்துவிடும். அதனால் கண்ணில் படுவது எப்போதும் உள்ளதைவிடக் குறைவாகவே இருக்கும்.

கடைசியாக, கடைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. ஹேஷ்டேக் போட்டார் என்பதற்காக அவருடைய படம் உங்களுடையதாகிவிடாது. உங்கள் விளம்பரத்தில் போடுமுன் அவரிடம் எழுத்தில் கேளுங்கள். படத்தில் குழந்தை இருந்தால் பெற்றோரிடம் கேளுங்கள். பதில் வராவிட்டால் போடாதீர்கள்.