ஒரு பெர்த், இரண்டு புத்தகங்கள்

நீண்ட ரயில் பயணம். முன்பின் தெரியாத இருவர். கையிலிருக்கும் புத்தகங்களை மாற்றிக்கொள்கிறார்கள். பக்கங்களுக்கு நடுவே ஒருவருக்கொருவர் குறிப்பெழுதி வைக்கிறார்கள். சிறுகதை எழுத நினைக்கும் பலருக்கும் தோன்றக்கூடிய கரு இது. ஆனால் இதை எழுத உட்கார்ந்தால் முதல் பக்கத்திலேயே ஒரு கேள்வி வழிமறிக்கும்: எதிரெதிரே உட்கார்ந்திருப்பவர்கள் ஏன் வாய்விட்டுப் பேசக்கூடாது? எதற்காக எழுத வேண்டும்?

இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாததால்தான் இவ்வகைக் கதைகள் பெரும்பாலும் செயற்கையாகிப் போகின்றன. ஒருவரை ஊமையாக்குவார்கள், அல்லது இருவரையும் அளவுக்கு மீறிக் கூச்சப்பட வைப்பார்கள். நம் ரயிலில் ஒருமுறை போய் வந்தவர்களுக்கே தெரியும், அரக்கோணம் தாண்டுவதற்குள் எதிர் சீட்டுக்காரரின் மகள் கல்யாணம் வரைக்கும் பேச்சு வந்துவிடும். அந்த ரயிலில் இரண்டு பேரைப் பேசாமல் எழுத வைப்பதற்கு வலுவான காரணம் வேண்டும். அதை ரயிலுக்குள்ளேயே தேடலாம்.

ஆர்.ஏ.சி. டிக்கெட்டில் அந்தக் காரணம் இருக்கிறது. ஸ்லீப்பர் பெட்டியில் நடைபாதையை ஒட்டிய பக்கவாட்டுக் கீழ் பெர்த்தை, ஆர்.ஏ.சி.யில் இருவருக்குப் பங்கிட்டுக் கொடுப்பார்கள். பகலில் எதிரெதிரே இரண்டு இருக்கைகள். இரவில் இரண்டையும் சாய்த்துச் சேர்த்தால் ஒரே படுக்கை. அதில் ஒருவர்தான் நிம்மதியாகக் கால் நீட்ட முடியும். எனவே முறை வைத்துத் தூங்குவார்கள்: ஒருவர் படுத்திருக்க, மற்றவர் ஓர் ஓரத்தில் உட்கார்ந்திருப்பார். ஒருவர் விழித்திருக்கும் நேரத்தில் மற்றவர் தூக்கத்தில் இருக்கிறார். சொல்ல வேண்டியதை எழுதித்தான் வைக்க வேண்டும். கதை கேட்கும் காரணத்தை ரயில்வேயே கொடுத்துவிட்டது.

அடுத்தது எந்த ரயில் என்பது. சென்னை சென்ட்ரலிலிருந்து இரவு பத்து மணியளவில் கிளம்பும் தமிழ்நாடு எக்ஸ்பிரஸை எடுத்துக்கொள்வோம். புது டெல்லி வரை சுமார் 2,180 கிலோமீட்டர். போய்ச் சேருவது மூன்றாம் நாள் காலை. இரண்டு இரவு, ஒரு பகல். முதல் இரவில் அறிமுகம், பகலில் பரிமாற்றம், இரண்டாம் இரவில் பிரிவு. சிறுகதைக்குக் கச்சிதமான அளவு. நான்கு நாள் ஓடும் ரயில் என்றால் அது நாவலுக்குப் போய்விடும்.

இனி ஆட்கள். ஒருவர் அச்சகத்தில் பிழை திருத்துபவராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆக்ராவில் வேலை பார்க்கும் மகனைப் பார்க்கப் போகிறார். இன்னொருவர் தூத்துக்குடிப் பக்கத்து இளம்பெண், டெல்லி மருத்துவமனை ஒன்றில் நர்ஸ். இந்த வேலைகளைத் தேர்ந்தெடுப்பதற்குக் காரணம் உண்டு. கதையில் இவர்கள் பேசப்போவது குறைவு, எழுதப்போவது அதிகம். அதனால் எழுத்தைப் பார்த்தே ஆள் யாரென்று தெரிய வேண்டும். நர்ஸ் எதை எழுதினாலும் கீழே நேரம் போடுவாள், வார்டில் கேஸ் ஷீட் எழுதிப் பழகிய கை அது. பிழை திருத்துபவரால் பென்சில் இல்லாமல் எதையும் படிக்க முடியாது. பெயர் சொல்லாமலே இருவரையும் வாசகர் அடையாளம் கண்டுகொள்வார்.

புத்தகங்களைத் தேர்வதில்தான் நிறையப் பேர் அவசரப்படுகிறார்கள். தனக்குப் பிடித்த நாவலின் பெயரைப் போட்டால் போதும் என்று நினைக்கிறார்கள். புத்தகத்துக்கும் கொண்டுவருபவருக்கும், முடிந்தால் ரயில் போகும் பாதைக்கும் தொடர்பு இருக்க வேண்டும். பெரியவர் கையில் அசோகமித்திரனின் '18-வது அட்சக்கோடு'. இந்தியா விடுதலை பெற்ற காலத்துச் செகந்திராபாத்தில் ரயில்வே ஊழியரின் மகனாக வளரும் இளைஞனின் கதை அது. நாம் தேர்ந்தெடுத்த ரயில் காலையில் வாரங்கலைத் தாண்டி வடக்கே திரும்பும் பகுதியில் 18-வது அட்சக்கோட்டைக் கடக்கிறது. ஜன்னலுக்கு வெளியே இருப்பது ஒரு காலத்து நிஜாம் சமஸ்தானம். பெண் கையில் ராஜம் கிருஷ்ணனின் 'கரிப்பு மணிகள்'. தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களைப் பற்றிய நாவல். தன் ஊரைப் பற்றிய புத்தகத்தை ஊரைவிட்டுப் போகும்போது எடுத்துப் போகிறாள் என்பதே அவளைப் பற்றி ஒரு பத்தி சொல்லிவிடுகிறது.

இப்போது குறிப்புகள். அந்நியரிடம் மனிதர் எவ்வளவு மனம் திறப்பார் என்று அமெரிக்க உளவியலாளர் ஜிக் ரூபின் 1975-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். பாஸ்டன் விமான நிலையத்தில் காத்திருந்த பயணிகளிடம், தன்னைப் பற்றி எழுதிய சிறு குறிப்பைக் காட்டி, அவர்களையும் எழுதச் சொல்வது அந்த ஆய்வின் முறை. காட்டிய குறிப்பு அந்தரங்கமாக இருந்தபோது பதிலும் அந்தரங்கமாக வந்தது. நம் கதைக்கு இதில் பாடம் இருக்கிறது. இருவரும் ஒரே அளவில் படிப்படியாகத்தான் திறக்க வேண்டும். முதல் சீட்டிலேயே ஒருவர் வாழ்க்கை வரலாற்றைக் கொட்டினால் வாசகர் நம்பமாட்டார்.

எனவே முதல் குறிப்பு புத்தகத்தைப் பற்றித்தான் இருக்க வேண்டும். முதல் இரவு அவர், "நீங்க படுங்கம்மா, எனக்குத் தூக்கம் வராது" என்கிறார். அவள் தலைமாட்டில் இருந்த நாவலைக் கேட்டு வாங்கி, தன்னுடையதை அவளிடம் கொடுக்கிறார். நடைபாதையின் மங்கலான வெளிச்சத்தில் படிக்கிறார். விடிகாலை விஜயவாடாவில் அவள் எழுந்ததும் இவர் படுக்கிறார். புத்தகத்தில் ஒரு துண்டுச் சீட்டு இருக்கிறது: "உப்பளத்தில் நாளெல்லாம் நிற்பவர்களின் பாதம் எப்படி இருக்கும்?" அவர் கேட்டிருப்பது நாவலைப் பற்றி. அவள் எழுதும் பதில்: "வெடிச்சிருக்கும். எங்க ஆச்சி அளத்துல வேல பார்த்தாவ. 05.20."

அவள் தன்னைப் பற்றி எதுவும் சொல்ல வரவில்லை, கேட்ட கேள்விக்குப் பதில்தான் சொல்கிறாள். ஆனாலும் ஒரு குடும்பம் கதைக்குள் வந்துவிட்டது. இந்தக் கதையில் எல்லாக் குறிப்புகளும் இப்படித்தான் வேலை செய்ய வேண்டும்.

பெரியவர் எழுந்து சீட்டைப் பார்க்கிறார். பழக்கதோஷத்தில் 'பார்த்தாவ' என்பதைக் கோடிட்டு அடித்து 'பார்த்தார்' என்று திருத்துகிறார். திருத்திய பிறகுதான் உறைக்கிறது, அது பிழையே அல்ல, அவள் ஊர்ப் பேச்சு. அடித்த சொல்லுக்குக் கீழே வரிசையாகப் புள்ளிகள் வைக்கிறார். சீட்டைத் திரும்ப வாங்கிப் பார்த்தவள், "இது என்ன சார் புள்ளி?" என்று கேட்கிறாள். "அடிச்சது தப்பு, இருந்தபடியே இருக்கட்டும்னு அர்த்தம். அச்சகத்துல இதுதாம்மா வழக்கம்." கதையில் நேரடிப் பேச்சு இந்த இடத்துக்குப் போதும். அச்சுப்படி திருத்துபவர்கள் உண்மையிலேயே பயன்படுத்தும் குறி இது. இதை இங்கே வாசகருக்குக் கற்றுக்கொடுத்துவிட்டால் கடைசியில் விளக்க வேண்டியிருக்காது.

பிற்பகலில் நாக்பூர். கதை திரும்ப வேண்டிய இடம். திருப்பத்தையும் ரயிலே தரும். அங்கே ஏற வேண்டிய ஒருவர் வரவில்லை. டிக்கெட் பரிசோதகர் சார்ட்டைப் பார்த்து, வரிசையில் முன்னால் இருக்கும் பெரியவருக்கு வேறு பெட்டியில் பெர்த் ஒதுக்குகிறார். ஆர்.ஏ.சி.யில் ஒருவருக்குத் தனி இடம் கிடைத்துவிட்டால், மீதி இருப்பவருக்கு அந்தப் பக்கவாட்டுப் பெர்த் முழுசாகக் கிடைக்கும். இருவருக்கும் நல்லதுதான் நடந்திருக்கிறது. அதனாலேயே பிரிகிறார்கள். யாரையும் வில்லனாக்காமல், விபத்து எதுவும் நடக்காமல் பிரிவு வந்துவிடுகிறது. பையை எடுத்துக்கொண்டு போகும்போது அவர் கையில் அவள் புத்தகம், இன்னும் முப்பது பக்கம் பாக்கி. அவர் புத்தகம் அவளிடம்.

கையிலிருக்கும் புத்தகத்தை இரவில் அவர் முடிக்கிறார். கடைசிப் பக்கத்தில், அவள் எப்போதோ செருகி வைத்த ஒரு சீட்டு: "முடிவு எப்படி இருக்கு சார்? 13.15." அதன் கீழே ஒரு வரி எழுதி, அழுத்தி அடித்திருக்கிறாள். பென்சில் பிடித்தே கழிந்த கண்களுக்கு அடித்ததைப் படிப்பது பெரிய காரியமில்லை. "அம்மா இன்னும் அளத்துக்குத்தான் போறாவ."

இப்படி ஒரு கதையைக் கெடுக்கும் முடிவுகள் மூன்று உண்டு. கடைசிச் சீட்டில் போன் நம்பர் இருப்பது ஒன்று. பல ஆண்டுகள் கழித்துப் பழைய புத்தகக் கடையில் அதே புத்தகம் கிடைப்பது இன்னொன்று. பெரியவர் இறந்துபோவது மூன்றாவது. மூன்றிலும் கதை ரயிலை விட்டு வெளியே போய், எழுத்தாளர் பிடித்து இழுக்கும் இடத்துக்குப் போகிறது. நம் கதை அந்த இரண்டு இரவுக்குள்ளேயே முடிய வேண்டும்.

ரயில் ஆக்ரா கன்டோன்மென்ட் சேரும்போது இன்னும் விடியவில்லை. பெரியவர் இறங்க வேண்டிய இடம். ஆக்ரா வருவதற்குக் கொஞ்சம் முன்பே பழைய பெட்டிக்கு நடந்து வருகிறார். அவள் தூங்குகிறாள், மறுநாள் டியூட்டி. எழுப்பவில்லை. அவள் புத்தகத்தை அவள் தலைமாட்டில் வைத்துவிட்டு இறங்கிப் போகிறார். தன் புத்தகத்தைத் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை. டெல்லி நெருங்கும்போது எழுந்தவள் கடைசிப் பக்கத்தைத் திறக்கிறாள். அவள் கேட்ட கேள்விக்குப் பதில் எழுதப்படவில்லை. அவள் அடித்த வரிக்குக் கீழே மட்டும் ஒரு கோடி முதல் மறு கோடி வரை பென்சில் புள்ளிகள்.

அத்தோடு நிறுத்திவிட வேண்டும். அவள் அழுதாள், சிரித்தாள், அம்மாவுக்குப் போன் செய்தாள் என்றெல்லாம் ஒரு வரி கூட்டினாலும், அந்தப் புள்ளிகளின் பொருளை வாசகரிடமிருந்து நாமே பிடுங்கிக்கொள்வதாகிவிடும். அவமானம் என்று நினைத்து அவள் அடித்ததை, முகம் தெரியாத ஒரு மனிதர், இது இருக்க வேண்டிய வரி என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அதை வாயால் சொல்லியிருந்தால் உபதேசமாகியிருக்கும்.

எழுதி முடித்த பிறகு இரண்டு சோதனைகள் செய்து பாருங்கள். ரயிலை எடுத்துவிட்டு ஒரு ஆஸ்பத்திரி வராண்டாவில் அதே கதையை நடத்த முடிகிறதா? முடிந்தால் நீங்கள் ரயிலைச் சரியாகப் பயன்படுத்தவில்லை. புத்தகங்களை எடுத்துவிட்டு இரண்டு வாழைப்பழத்தைப் பரிமாறிக்கொண்டாலும் கதை நிற்கிறதா? நின்றால் புத்தகங்கள் வெறும் அலங்காரம். இரண்டிலும் தேறிய கதையைத்தான் பத்திரிகைக்கு அனுப்ப வேண்டும். இந்தக் கரு உங்களுக்கும் தோன்றியிருந்தால் முதல் வரியைத் தேடி உட்காராதீர்கள். ரயில்வே கால அட்டவணையை எடுத்து, யார் எந்த ஊரில் ஏறுகிறார், எங்கே இறங்குகிறார், எந்த நேரத்தில் யார் விழித்திருக்கிறார் என்பதை முதலில் ஒரு தாளில் எழுதிவிடுங்கள். கதையை அதன் பிறகு தொடங்குங்கள்.